ஓய்வுக்கு உகந்த தேதி

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், ஆய்வுப் பிரிவில் தட்டச்சு வேலை பார்த்தவளை எல்லோரும் படபடா என்றுதான் கூப்பிட்டார்கள். விசைப்பலகையில் அவள் விரல் படபடக்கும். அதைவிட வேகமாக வாய் படபடக்கும். பக்கத்து மேசைக்காரரின் சர்க்கரை அளவு, மாடிப்படிக்குக் கீழே யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள், லிப்ட் ஏன் மூன்றாவது மாடியில் மட்டும் முனகுகிறது என்று சகலமும் அவளுக்குத் தெரியும். லிப்ட் விஷயம் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் ஒரே மாடியில் நின்றுவிட்டதாக வீட்டில் அடிக்கடி புலம்புவார். அவளும் அதே மாடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருடமாக ஒப்பந்தப் பணியாளர். வருடா வருடம் ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடுவாள், இன்னொரு வருடம் ஓடும்.

இந்த வருடம் அப்படி ஓட முடியாது. நிரந்தரம் கேட்டு அவள் போட்ட மனு ஒருவழியாக இயக்குநர் மேசை வரைக்கும் ஏறியிருந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டால் நிரந்தரம் கிடையாது என்பது விதி, அவளுக்கு நாற்பத்தைந்து முடிய இன்னும் சில மாதம்தான். கூடவே இன்னொரு விதி. மனு போட்ட வருடத்தில் ஒரு மெமோ கூட வாங்கியிருக்கக் கூடாது. வாய்க்கு மெமோ கொடுக்கும் வழக்கம் வாரியத்தில் இல்லாததால் அதுவரை தப்பித்திருந்தாள்.

அவள் வேலை இதுதான். வாரியத்துக்கு ஊர் முழுக்கக் கிளை அலுவலகங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கிளையையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பதிவறை ஒழுகுகிறதா, தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதா, புகார் மனுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று நான்கு பேர் கொண்ட குழு பார்த்து எழுதும். ஆனால் திடீரென்று கதவைத் தட்டக் கூடாது. பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்னதாக ஒரு கடிதம் போக வேண்டும். ‘இன்ன தேதியில் வர உத்தேசித்துள்ளோம், தங்களுக்கு உகந்ததா, இல்லையென்றால் காரணத்தோடு வேறு தேதி சொல்லுங்கள், ஒரு வாரத்தில் பதில் இல்லையேல் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.’ இந்தக் கடிதத்தை அடிப்பவள் படபடா. வரும் பதில்களைப் பிரித்துக் கோப்பில் வைப்பவளும் அவள்தான். ஆகவே உலகத்தில் எத்தனை விதமான சாக்குகள் உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துப்படி.

சாக்குச் சொல்வதில் ஒரு கிளைக்கு ஈடே கிடையாது. ஆய்வுப் பிரிவில் அதற்கு நழுவல் கிளை என்று பெயர். முதல் கடிதத்துக்குக் கிளை அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அடுத்ததற்கு வெள்ளையடிப்பு நடக்கிறது. அதற்கடுத்து பதிவறைச் சாவி தொலைந்துவிட்டது. கடைசியாக, நுழைவாயிலில் தேனீக்கள் கூடு கட்டியுள்ளன, குழுவினரின் உயிருக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது என்று உருக்கமாக எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படபடா சத்தமாகப் படித்துக் காட்ட, மொத்தப் பிரிவும் சிரித்தது. சிரிக்காதவர் ஒருத்தர். பிரிவின் தலைவர்.

அவரை டார்ச் என்பார்கள். எந்தக் கிளைக்குப் போனாலும் பாக்கெட்டிலிருந்து ஒரு கைவிளக்கை எடுத்து பீரோவுக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் அடித்துப் பார்ப்பார். அங்கே என்ன இருக்கும் என்று எதிர்பார்ப்பாரோ, கடவுளுக்கே வெளிச்சம். மற்றவர் மூலை முடுக்கையெல்லாம் துருவும் அந்த மனுஷன், தன் மேசைக்கு வரும் தாள்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கையெழுத்துக் கோப்பை நின்றபடியே புரட்டி, வாசலைப் பார்த்தபடியே கையெழுத்துப் போடுவார். கேட்டால், “எழுதினது நாமதானே, என்னத்தப் படிக்கிறது?” என்பார்.

“அஞ்சாவது தடவ அந்தக் கிளைக்கு லெட்டர் போகுது. இந்தத் தடவ எந்தத் தேனீ வந்தாலும் விடமாட்டேன்,” என்றார் டார்ச். “பதினெட்டாம் தேதின்னு போடும்மா.”

“போட்டுர்றேன் சார். தேனீக்கும் ஒரு நகல் வெச்சிடவா?”

அவர் முறைத்தார். அவள் அடிக்க உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழைய காவலாளி வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதமாகியும் அவருக்குச் சேர வேண்டியது எதுவும் சேரவில்லை. ஒரு மனு அடித்துத் தர வேண்டும். இப்படி ஓசியில் மனு அடித்துக் கொடுப்பது படபடாவின் வாடிக்கை. வெளியே போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று பிடுங்கிவிடுவார்கள் என்று அவளே கூப்பிட்டு உட்கார வைப்பாள். நழுவல் கிளைக்கான கடிதம் திரையில் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு மேலேயே இடம் விட்டு மனுவை அடித்துத் தள்ளினாள்.

அடித்து முடித்துப் படித்தால், சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாக ஆய்வு, ஆய்வு என்றே தட்டிப் பழகிய விரல்கள் அல்லவா? ‘நான் கடந்த ஆண்டு ஆய்வு பெற்றேன். ஆய்வு பெற்ற நாள் முதல்...’ என்று காவலாளி வரிக்கு வரி ஆய்வு பெற்றிருந்தார்.

“அண்ணே, உங்கள ஆராய்ச்சியாளரா ஆக்கிட்டேன்,” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகத் திருத்தச் சோம்பல்பட்டு, ஒரே தட்டில் மாற்றும் வழியைப் பிடித்தாள். ‘ஆய்வு’ என்று வரும் இடமெல்லாம் ‘ஓய்வு’ ஆக வேண்டும் என்று கணினிக்குக் கட்டளை. கணினி சொன்னதைச் செய்தது. அதற்குக் கீழே இன்னொரு கடிதம் இருக்கிறதே, அதை விட்டுவிடுவோம் என்று யோசிக்க அதற்கு என்ன தலையெழுத்தா?

காவலாளி மனுவை வாங்கிக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போனார். படபடா மீதிக் கடிதத்தைக் கடகடவென்று முடித்து, கோப்பில் வைத்தாள். டார்ச் வாசலைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். கடிதம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாளே பதில் வந்துவிட்டது. நழுவல் கிளையிலிருந்து நான்காம் நாளில் பதில் என்றால் ஏதோ கெட்டது நடந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு உறையைப் பார்த்ததுமே தோன்றியது. பிரித்தாள்.

‘பார்வையில் கண்ட தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்று பெருமகிழ்ச்சி அடைந்தோம். தங்கள் ஓய்வுக் குழு எங்கள் அலுவலகத்தில் வருடாந்திர ஓய்வு மேற்கொள்ள உத்தேசித்துள்ள பதினெட்டாம் தேதி எங்களுக்கு முற்றிலும் உகந்ததே. அன்று கிளை அதிகாரி உட்பட அனைவரும் பணியில் இருப்பர். எவருக்கும் விடுப்பு இல்லை. வெள்ளையடிப்பு முடிந்துவிட்டது. எல்லா அறைகளின் சாவிகளும் கைவசம் உள்ளன. நுழைவாயிலில் பூச்சித் தொல்லை ஏதும் இல்லை. ஓய்வுக் குழுவினரின் களைப்பைக் கருத்தில் கொண்டு நான்கு புதிய மெத்தைகள் விரிக்கப்படும். கூடுதலாகத் தேவைப்படின் போதிய மெத்தைகள் கைவசம் உள்ளன. எந்தக் காரணம் கொண்டும் தங்கள் ஓய்வு தடைபடாது என உறுதி கூறுகிறோம்.’

அடியில், இடது ஓரத்தில்: ‘நகல்: இயக்குநர் அவர்களின் கனிவான பார்வைக்கு.’

படபடா தன் கடிதத்தின் அலுவலக நகலை எடுத்துப் பார்த்தாள். ‘பொருள்: கிளை அலுவலக ஓய்வு – உத்தேசத் தேதி – இசைவு கோருதல் – தொடர்பாக.’ அதோடு விட்டதா? ‘தங்கள் அலுவலகத்தின் எந்த அறையிலும் ஓய்வு மேற்கொள்ள குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஓய்வு முடிந்ததும் ஓய்வுக் குழு தன் கருத்துகளைத் தங்களிடம் நேரில் தெரிவிக்கும்.’ இத்தனைக்கும் கீழே டார்ச்சின் கையெழுத்து, பெரிதாக, அழகாக. அதற்கும் கீழே தட்டச்சு செய்தவரின் முதலெழுத்து, சின்னதாக. அந்தச் சின்ன எழுத்துதான் அவள் கழுத்துக்குச் சுருக்கு.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் போய், கைப்பேசியில் நழுவல் கிளையைக் கூப்பிட்டாள். அங்கே தலைமை எழுத்தர் ஒருவர். குரலில் தேன் ஒழுகும், அதனால் குழைவு என்று பெயர்.

“சார், உங்களுக்கே தெரியும், அது டைப்பிங் தப்பு...”

“தப்பா? எது தங்கச்சி தப்பு? எங்களுக்கு என்ன தெரியும்? மேலிடம் எழுதுறத நாங்க சந்தேகப்பட முடியுமா? ஓய்வுன்னீங்க. மெத்த போட்டோம்.”

“சார், எனக்கு நிரந்தரம் வர்ற நேரம் சார். இயக்குநருக்கு நகல் போனா என் கதை முடிஞ்சது.”

அந்தப் பக்கம் குரல் இன்னும் குழைந்தது. “நகல் இன்னும் போகல தங்கச்சி. என் டிராயர்லதான் இருக்கு. நீங்க ஒண்ணு செய்யுங்க. நிர்வாகக் காரணத்தால பதினெட்டாம் தேதி வருகை ஒத்திவைக்கப்படுதுன்னு ஒரு வரி அனுப்பிடுங்க. அது வந்ததும் நாங்க எங்க லெட்டரத் திரும்ப வாங்கிக்கிறோம், நகலக் கிழிச்சுப் போட்டுடுறேன். உங்க சார்தான் எதையும் படிக்காமப் போடுவாராமே?”

இதுகூட அங்கே தெரிந்திருக்கிறது. படபடா ஒன்றும் பேசாமல் வைத்தாள். அவள் பேசாமல் வைத்தது பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வந்து உட்கார்ந்து அந்த ஒரு வரியை அடித்தாள். இரண்டு நிமிட வேலை. கோப்பில் மற்ற தாள்களுக்கு நடுவே வைத்துவிட்டால் போதும், டார்ச் வாசலைப் பார்த்தபடி போட்டுவிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை. நழுவல் கிளை அஞ்சாவது தடவை நழுவும், அவ்வளவுதான். அந்தக் கிளையில் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவள் கவலையா? அவள் கவலை வீட்டு வாடகை, மகளின் கல்லூரி, தனக்கு அறுபது வயதில் என்ன இருக்கும் என்பது. தாளைக் கோப்பில் வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி அடித்தது. குழைவுதான்.

“என்ன தங்கச்சி, ஆச்சா? எங்க ஐயா கேக்குறாரு.”

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. யாரோ, “வருடாந்திர ஓய்வாம்பா, வருடாந்திர ஓய்வு!” என்றான். இன்னொருவன், “அந்தம்மாவுக்கும் ஒரு மெத்த போட்டுடலாம்னு சொல்லு,” என்றான். குழைவு அதற்கும் குழைந்து சிரித்தார்.

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. பயம் வந்தால் அடங்கிப் போகிறவள்தான். ஆனால் அதே பயத்தைப் பார்த்து ஒருவன் பல்லைக் காட்டினால் அவளுக்குப் பயம் போய்விடும், எதற்குப் பயந்தோம் என்பதே மறந்துபோகும். “மெத்தையா போடுறீங்க? இருங்கடா,” என்று கைப்பேசியை அணைத்துவிட்டு, சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய், இடது கையால் கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவிக் கசக்கிக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவினாள். பிறகு அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு டார்ச் அறைக்குப் போனாள். வழியில் தனக்குத்தானே, நிரந்தரம் போச்சு, நிரந்தரம் போச்சு என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் கால் நிற்கவில்லை.

டார்ச் முதல் கடிதத்தைப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் கையெழுத்துப் போட்டதைப் படிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ‘ஓய்வுக் குழு’ என்ற இடத்தில் ஒரு நிறம் மாறினார். ‘எந்த அறையிலும் ஓய்வு மேற்கொள்ள’ என்ற இடத்தில் இன்னொரு நிறம்.

“என்னம்மா இது? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் லீவு எடுத்ததில்ல நான். என்னப் போய் படுக்க வர்றேன்னு எழுதியிருக்கே!”

“தப்புதான் சார். இன்னொரு மனுவுல மாத்தினேன், இதுலயும் மாறிடுச்சு சார். பார்க்கல.”

“பார்க்கலையா? ஒரு லெட்டரப் பார்க்காம எப்படி அனுப்ப முடியும்?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. எப்படியோ வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு இரண்டாவது தடவை.

“மெமோதான். வேற வழியே இல்ல,” என்று சொல்லிக்கொண்டே டார்ச் பதில் கடிதத்தை எடுத்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மெத்த கைவசம் இருக்காம்.”

“நக்கல் சார். சும்மா கிண்டலுக்கு எழுதியிருக்காங்க.”

“நாலு மெத்தைன்னா நக்கல். போதிய மெத்தைகள் கைவசம்னா? தண்ணி ஆபீஸ்ல எதுக்கும்மா மெத்த கைவசம் இருக்கணும்?”

அவளும் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குமே மற்ற வரிகள் கண்ணில் பட்டன. பயத்தில் படித்தபோது அவை வெறும் குத்தலாகத் தெரிந்தன. இப்போது வேறு மாதிரி தெரிந்தன. “சார், அதிகாரி லீவு இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க சார். வெள்ளையடிப்பு முடிஞ்சிடுச்சாம். சாவியெல்லாம் இருக்காம். தேனீ கூட இல்லையாம்! இதுக்கு மேல என்ன சாக்கு சொல்வாங்க? எல்லாத்தையும் அவங்களே அடைச்சுட்டாங்க சார்!”

டார்ச்சின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. சரியாக அந்த நேரம் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் சட்டென்று எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று பேசுகிற ஆள் வாரியத்தில் ஒருவர்தான்.

“வணக்கம் சார்... ஆமா சார், அந்தக் கிளைக்குத்தான்... நகல் வந்துச்சுங்களா?”

படபடாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிராயரில் இருப்பதாகச் சொன்ன நகல் இயக்குநர் கையில் இருக்கிறது. ஒத்திவைப்புக் கடிதம் போயிருந்தால் கதை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குக் குளிரெடுத்தது. ஓய்வெடுக்க வருகிறோம் என்று எழுதி, அது வெளிச்சத்துக்கு வந்ததும் வராமலே பதுங்கிய பிரிவு என்று ஆகியிருக்கும். பாவி, தங்கச்சி தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே குழி தோண்டியிருக்கிறான்.

“எழுத்துப்பிழையா?” என்று டார்ச் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்வை படபடா மேல் விழுந்து, அங்கிருந்து தன் கையெழுத்தின் மேல் போய் நின்றது. தொண்டையைச் செருமினார். “சார், என் கையெழுத்து இருக்குற லெட்டர்ல எழுத்துப்பிழை எப்படி சார் வரும்? படிக்காமக் கையெழுத்துப் போடுற பழக்கம் எனக்குக் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும்... ஆமா சார். தெரிஞ்சுதான். நாலு தடவ நழுவின கிளை சார் அது. ஆய்வுன்னாலே லீவு, வெள்ளையடிப்புன்னு ஓடுறாங்க. அதான் வார்த்தைய மாத்திப் போடச் சொன்னேன். மாட்டிக்கிட்டாங்க பாருங்க, எழுத்துலயே சம்மதம் கொடுத்துட்டாங்க... இன்னைக்கே விளக்கக் கடிதம் போகுது சார். பதினஞ்சு நாளுக்குக் குறையாம இருக்கு, முறைப்படி எல்லாம் சரி... தந்திரம்னு சொல்ல மாட்டேன் சார். அனுபவம்.”

வாயைப் பிளந்துகொண்டு படபடா நின்றாள். இப்படி ஒரு பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்லக்கூடிய ஆளுக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

தொலைபேசியை வைத்துவிட்டு டார்ச் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல், “அடிம்மா,” என்றார். “‘ஓய்வு’ என வரும் இடங்களில் ‘ஆய்வு’ எனப் பொருள் கொள்ள வேண்டும். தாங்கள் இசைவு தெரிவித்த தேதியில் மாற்றம் இல்லை. அவங்க பதிலோட நகல இணைச்சிடு. பிழை, திருத்தம், இந்த மாதிரி வார்த்த ஒண்ணு கூட வரக் கூடாது. புரியுதா?”

“புரியுது சார். மெமோ...?”

“எந்த மெமோ?” என்றார் டார்ச். அந்தக் கடிதத்தை மட்டும் அவர் உட்கார்ந்து, முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விளக்கக் கடிதம் போனதும் குழைவு மூன்று தடவை கூப்பிட்டார். படபடா எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்து, “சொல்லுங்கண்ணே, நாலு மெத்தையும் விரிச்சாச்சா?” என்றாள். அந்தப் பக்கம் தேன் வற்றிப் போயிருந்தது.

பதினெட்டாம் தேதி டார்ச் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அறிக்கையை அங்கேயே அடித்து, அங்கேயே கிளை அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும், திரும்பி வந்து அடித்தால் அதற்குள் இன்னொரு தேனீக்கூடு முளைத்துவிடும் என்பது அவர் கணக்கு. நழுவல் கிளையின் அதிகாரி சட்டையெல்லாம் வியர்த்து வாசலில் நின்றார். முதலில் உட்கார்ந்து அறிமுகம், என்னென்ன பார்க்கப் போகிறோம் என்ற பேச்சு. பிறகு ஒவ்வொரு அறையாக. பணம் கட்டும் இடம் சரி. தீயணைப்புக் கருவி காலாவதி. அதுவும் எழுதியாயிற்று. கடைசியில் பதிவறை.

“அதுக்குச் சாவி...” என்று இழுத்தார் கிளை அதிகாரி.

டார்ச் பாக்கெட்டில் கையை விட்டார். கைவிளக்கு வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தது மடித்த தாள். “எல்லா அறைகளின் சாவிகளும் கைவசம் உள்ளன. இது உங்க கையெழுத்துதானே?”

கதவு திறந்தது. உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் மெத்தை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத, விலைச்சீட்டு தொங்கும் புத்தம் புது மெத்தைகள். மறைத்து வைப்பதற்கு வேறு அறை கிடைக்கவில்லை போலிருக்கிறது. இல்லையென்றால், வருவது நிஜமாகவே ஓய்வுக் குழுதான் என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. அதிகாரியின் மச்சான் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கிடங்கு வாடகை அதிகம், ஆபீஸ் அறை சும்மாதானே கிடக்கிறது என்று இரண்டு வருடமாக இங்கேதான் அடுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் ஊர் ஜனங்களின் குடிநீர் இணைப்புப் பதிவெல்லாம்? அவை பின்பக்கம், பயன்படுத்தாத குளியலறையில், ஈரம் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. இணைப்பு கேட்டு வருடக்கணக்கில் அலைகிறவர்களின் தாள்கள். அதைப் பார்த்ததும் படபடாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஒரு வரிக் கடிதம் போயிருந்தால் இவை இன்னும் ஒரு வருடம் இங்கேயே நனைந்திருக்கும். அதற்குத் தான் துணை போக இருந்தோம் என்ற நினைப்பு அவளைக் குத்தியது.

அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை அடித்தாள். ஒவ்வொரு ‘ஆய்வு’ம் ஆய்வுதானா என்று விரல் வைத்துப் பார்த்தாள். கிளை அதிகாரி கையெழுத்துப் போட்டார். குழைவு தேநீர் கொண்டு வந்து வைத்தார். வாங்கிக் குடித்தாள். தேநீர் என்ன பாவம் செய்தது?

அடுத்த வாரம் இயக்குநர் டார்ச்சைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். அந்தக் கடிதத்தை அடித்தது யார் என்று கேட்டாராம். “என் தட்டச்சர்தான் சார், நான் சொன்னபடி,” என்றாராம் டார்ச். “அந்தம்மாவோட மனு ஒண்ணு என் மேசைல கிடக்குதே,” என்று இயக்குநர் அப்போதே எடுத்துக் கையெழுத்துப் போட்டாராம். மெமோ எதுவும் இல்லை, இருக்கவும் வழி இல்லை. தப்பே நடக்காத இடத்தில் எதற்கு மெமோ?

உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு படபடா டார்ச் அறைக்குப் போனாள். “சார், ரொம்ப நன்றி சார்.”

“எதுக்கு?” என்றார் டார்ச், கோப்பைப் புரட்டியபடி. நிஜமாகவே எதற்கு என்று தெரியாதவர் போல இருந்தது அவர் முகம். அந்தப் பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. திட்டுவதற்கும் வழி இல்லை, காலில் விழுவதற்கும் வழி இல்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டில் உத்தரவை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து, இரண்டு தடவை படித்தார். “அடேயப்பா! நிரந்தரம்! பதினோரு வருஷம்! உன் உழைப்புக்குக் கெடச்சுதுடி,” என்று குதித்தார். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

படபடாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

“என்னம்மா ஆச்சு?” என்றாள் மகள்.

“உழைப்புக்கா கெடச்சுது?” என்றாள் படபடா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “பதினோரு வருஷம். ஒவ்வொரு லெட்டரும் ஒழுங்கா, சரியா அடிச்சுக் கொடுத்தேன். ஒரு ஆளு கூட அத அடிச்சது யாருன்னு கேட்டதில்ல. ஒரே ஒரு லெட்டரத் தப்பா அடிச்சேன். கூப்பிட்டுக் கொடுத்துட்டாங்க.”

வீட்டுக்காரர் உத்தரவை மடித்து அவள் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டு வரப் போனார்.